ஒவ்வொரு விலானுக்கும் எத்தனை முகவரி? சப்நெட் மாஸ்க் கணக்குக்கு முழுமையான வழிகாட்டி

நெட்வொர்க் வேலைக்குப் புதிதாக வருகிற தம்பி தங்கச்சிமாரிடம் /26 என்றால் எத்தனை ஹோஸ்ட் என்று கேட்டால் 62 என்று உடனே சொல்லிவிடுவார்கள். ஆனால் ஒரு கந்தோரின் மாடித் திட்டத்தைக் கையில் கொடுத்து, இந்த விலான்களுக்கு முகவரி பிரித்துத் தா என்றால் அங்கேதான் தடுமாறுகிறார்கள். சூத்திரம் தெரியாததால் இல்லை, வேலையைத் தலைகீழாகத் தொடங்குவதால். முதலில் மாஸ்க்கைத் தேர்ந்துவிட்டு அப்புறம் சாதனங்களை அதற்குள் திணிக்கப் பார்க்கிறார்கள். சரியான ஒழுங்கு இதற்கு நேர் எதிர்: எண்ணு, கூட்டு, அளவைப் பிடி, அடுக்கு, சரிபார். அந்த ஒழுங்கிலேயே இதை எழுதுகிறேன்.

உதாரணத்துக்கு ஒரு கந்தோரை எடுத்துக்கொள்வோம். பம்பலப்பிட்டியில் காலி வீதியோரம் மூன்று மாடி, கீழ்த்தளத்தில் வாடிக்கையாளர் வந்து போகிற கவுண்டர், மேலே ஊழியர்கள். தலைமை அலுவலகம் இந்தக் கிளைக்கு ஒதுக்கியிருப்பது 10.40.16.0/22 மட்டும். அதாவது 10.40.16.0 தொடக்கம் 10.40.19.255 வரை, மொத்தம் 1024 முகவரி. எட்டு விலான் வேண்டும். எல்லாவற்றுக்கும் /24 போட்டால் நான்கோடு முடிந்துவிடும், அதனால்தான் கணக்குப் பார்க்கவேண்டியிருக்கிறது. உங்களுக்குத் தாராளமாக இடம் இருந்தால், எல்லா விலானுக்கும் /24 கொடுத்துவிட்டுப் போவதில் ஒரு தப்பும் இல்லை, உண்மையில் அதுதான் பராமரிக்கச் சுலபம். இந்த வழிகாட்டி இடம் இறுக்கமாக இருப்பவர்களுக்கு.

1. தொடங்குமுன் கையில் இருக்கவேண்டியவை

உங்களுக்கு ஒதுக்கப்பட்ட முகவரித் தொகுதி எழுத்தில் இருக்கவேண்டும். வாய்வார்த்தையாக "10.40.16 உன்னுடையது" என்று சொன்னால் போதாது. /22 என்பதையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள், ஏனென்றால் தலைமை அலுவலக ரவுட்டர் உங்கள் பக்கம் எந்த வீச்சை அனுப்புகிறது என்பது அந்த எண்ணில்தான் இருக்கிறது. நீங்கள் அதற்கு வெளியே ஒரு விலான் போட்டால் உள்ளூரில் எல்லாம் வேலை செய்யும், தலைமை அலுவலகத்திலிருந்து பதில் மட்டும் திரும்பி வராது.

அடுத்தது கேட்வே எப்படி அமையப்போகிறது என்ற முடிவு. ஒரே ஒரு லேயர் 3 சுவிட்சா, அல்லது ஒன்று விழுந்தால் மற்றது பொறுப்பெடுக்கிற மாதிரி இரண்டா? இந்தக் கந்தோரில் இரண்டு கோர் சுவிட்ச். இது முகவரிக் கணக்கை நேரடியாகப் பாதிக்கும், மூன்றாம் படியில் பார்ப்போம்.

கடைசியாக, சாதனப் பட்டியல். கொள்முதல் கோப்பிலிருந்து எடுக்கலாம், ஆனால் ஒருமுறை மாடி மாடியாக நடந்து பார்த்து ஒப்பிடுங்கள். கோப்பில் இல்லாத கமராவும் ஒரு மூலையில் கிடக்கிற பழைய பிரிண்டரும் நடந்தால்தான் கண்ணில் படும்.

2. ஆட்களை அல்ல, முகவரிகளை எண்ணுங்கள்

பெரும்பாலான பிழைகள் இந்தப் படியிலேயே விழுகின்றன. "எங்களிடம் 112 பேர்" என்று மனிதவளப் பிரிவு சொல்லும். அந்த எண் கணக்குக்கு உதவாது. ஒவ்வொரு விலானிலும் ஒரே நேரத்தில் எத்தனை முகவரி பிடிபட்டிருக்கும் என்பதுதான் கேள்வி.

இந்தக் கந்தோரில் எண்ணியது இப்படி. ஊழியர் கணினி 112. மேசை ஐபி ஃபோன் 84. கமரா 41, அவற்றைப் பதிவுசெய்கிற என்விஆர் 2, ஆக 43. மேலாண்மை விலானில் மாடி சுவிட்ச் 7, வைஃபை அக்சஸ் பாயிண்ட் 13, யூபிஎஸ் 3, ஆக 23. பிரிண்டர் 9. சர்வர் 6. ஃபயர்வாலுக்குப் போகிற இணைப்பு ஒன்று. இவை எல்லாம் நின்ற இடத்திலேயே நிற்கிற சாதனங்கள், எண்ணுவது சுலபம்.

இரண்டு இடத்தில் மட்டும் கொஞ்சம் நின்று யோசிக்கவேண்டும்.

முதலாவது விருந்தினர் வைஃபை. ஊழியர்கள் தங்கள் சொந்தக் கைபேசியையும் இதில்தான் இணைக்கிறார்கள், அது 110. கவுண்டருக்கு நாளொன்றுக்குச் சுமார் 40 பேர் வந்து வைஃபை பிடிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 150 தானே, /24 தாராளமாகப் போதும் என்று தோன்றும். ஆனால் டிஎச்சிபி ஒருவருக்குக் கொடுத்த முகவரியை அவர் வீட்டுக்குப் போனதும் திரும்ப எடுத்துக்கொள்வதில்லை, குத்தகைக் காலம் முடியும்வரை அது அவர் பெயரில்தான் இருக்கும். விண்டோஸ் சர்வரில் டிஎச்சிபி ஸ்கோப் உருவாக்கும்போது அது தானாகப் போட்டுத் தருகிற குத்தகைக் காலம் 8 நாள். போயா விடுமுறை வராத வாரமென்றால் அந்த எட்டு நாளுக்குள் குறைந்தது 5 வேலைநாள் வரும். நாளுக்கு 40 புது ஆட்கள் என்றால் 200 முகவரி, அதோடு ஊழியர் கைபேசி 110. மொத்தம் 310. /24இல் அடங்காது.

ஒரு நேரத்தில் வைஃபையில் 150 பேருக்கு மேல் இல்லாதபோதும் "முகவரி கிடைக்கவில்லை" என்று முறைப்பாடு வருவதற்குக் காரணம் இதுதான். கைபேசி வைஃபையைப் பிடிக்கும், ஆனால் முகவரி இல்லாமலோ 169.254 என்று தொடங்கும் முகவரியோடோ நிற்கும். இப்படி நடந்தால் உடனே சப்நெட்டைப் பெரிதாக்கப் போகாதீர்கள். குத்தகைக் காலத்தை 4 மணித்தியாலமாகக் குறையுங்கள், எண்ணிக்கை மறுபடி 150க்குள் வந்துவிடும். நான் இந்த விலானுக்கு அதையே வைத்துக் கணக்கிடுகிறேன்.

இரண்டாவது இடம் ஃபோன். மேசை ஃபோனின் பின்பக்கத்தில் கணினி செருகப்பட்டிருக்கும், இரண்டும் ஒரே கேபிளில் வந்தாலும் வேறு வேறு விலான். சுவிட்ச் எல்எல்டிபி அல்லது சிடிபி மூலம் குரல் விலானின் எண்ணைச் சொல்லிக்கொடுத்தால் ஃபோன் நேராக அங்கே போய்விடும். ஆனால் விலான் எண்ணை டிஎச்சிபி விருப்பத்தின் மூலம் கற்றுக்கொள்ளும்படி அமைத்த ஃபோன்கள் முதலில் கணினி விலானில் ஒரு முகவரி வாங்கி, அதில் வந்த தகவலைப் படித்து, அதற்குப் பிறகுதான் குரல் விலானுக்குத் தாவும். சாதாரண நாளில் இது கண்ணிலேயே படாது. கரண்ட் போய் வந்து சுவிட்ச் எல்லாம் ஒன்றாக உயிர்பெறுகிற காலையில் 84 ஃபோனும் ஒரேயடியாகக் கணினி விலானில் முகவரி கேட்கும், அதில் சில வாங்கியதைத் திருப்பிக் கொடுக்காமலே போய்விடும். அந்த நேரத்தில் கணினி விலான் 112 அல்ல, 112 கூட்டல் 84, அதாவது 196ஐத் தாங்கவேண்டும். உங்கள் ஃபோன்கள் எந்த வகை என்று முன்கூட்டியே பார்த்து வையுங்கள்.

3. வளர்ச்சியைக் கூட்டுங்கள், பிறகு கேட்வேயைக் கூட்டுங்கள்

எண்ணிய எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு மாஸ்க் தேடக்கூடாது. நான் சாதாரணமாக நூற்றுக்கு 25 கூட்டுகிறேன். இது எங்கும் எழுதிவைத்த விதி அல்ல, அடுத்த இரண்டு மூன்று வருடத்தில் அந்த மாடியில் இன்னும் எத்தனை மேசை போடமுடியும் என்பதைப் பார்த்து நீங்களே கூட்டிக் குறைக்கலாம். பின்னம் வந்தால் மேல்நோக்கி முழு எண்ணாக்குங்கள்.

அதன் மேல் கேட்வே. ஒரே ஒரு லேயர் 3 சுவிட்ச் என்றால் ஒரு முகவரி. இரண்டு சுவிட்ச் எச்எஸ்ஆர்பி அல்லது விஆர்ஆர்பி ஓடுகிறதென்றால், ஒவ்வொன்றுக்கும் சொந்த முகவரி ஒன்று, இரண்டும் பங்குபோடுகிற பொது முகவரி ஒன்று, ஆக வழக்கமாக மூன்று. எட்டு விலானிலும் இந்த மூன்று போகும். பெரிய விலானில் மூன்று பெரிதாகத் தெரியாது. சிறியதில்தான் கணக்கையே மாற்றிவிடும்.

மேலாண்மை விலானைப் பாருங்கள். 23 சாதனம், 25 வீதம் கூட்டினால் 29, கேட்வே மூன்றோடு 32. இதைச் செய்து பார்க்கக் கொடுத்தால் "அண்ணா, /27ல 32 இருக்குதானே, சரியாப் பொருந்துது" என்ற பதில் கட்டாயம் வரும். /27இல் 32 முகவரி இருப்பது உண்மை. ஆனால் முதலாவது அந்த நெட்வொர்க்கின் பெயர், கடைசி ப்ராட்காஸ்ட், இரண்டையும் எந்தச் சாதனத்துக்கும் கொடுக்கமுடியாது. பாவிக்கக்கூடியது 30தான். ஆகவே இதற்கு /26 வேண்டும்.

பிரிண்டரும் இப்படித்தான். 9 பிரிண்டர், வளர்ச்சியோடு 12. /28இல் 14 பாவிக்கலாம், போதும் போலத் தெரியும். கேட்வே மூன்றைக் கூட்டினால் 15, ஒன்றே ஒன்றால் அடங்காமல் போகிறது. /27க்குப் போகவேண்டியதுதான். இந்த இடத்தில் "ஒன்றுதானே, வளர்ச்சியில் ஒன்றைக் குறைத்துவிடலாம்" என்று மனம் சொல்லும். முகவரி உண்மையிலேயே தட்டுப்பாடாக இருந்தால் குறைக்கலாம். இங்கே அப்படி இல்லை.

4. தேவையை மாஸ்க்காக மாற்றுவது

சப்நெட்டின் அளவு எப்போதும் இரண்டின் அடுக்கு வரிசையில்தான் வரும்: 8, 16, 32, 64, 128, 256. ஹோஸ்டுக்கு விட்ட பிட்களின் எண்ணிக்கை h என்றால் பாவிக்கக்கூடிய முகவரி 2^h − 2. பிட் பிட்டாக எழுதிப் பார்ப்பது ஒருமுறை புரிந்துகொள்ள நல்லது, ஆனால் வேலையில் எனக்குக் கைகொடுப்பது கீழே இருக்கிற ஏணிதான்.

```
அளவு   /எண்   கடைசி எண்   பாவிக்கக்கூடியது
  8    /29      248            6
 16    /28      240           14
 32    /27      224           30
 64    /26      192           62
128    /25      128          126
256    /24        0          254
```

இதை மனனம் செய்யத் தேவையில்லை. மாஸ்க்கின் கடைசி எண் 256இலிருந்து அளவைக் கழித்தால் வரும்: அளவு 64 என்றால் 256 − 64 = 192, ஆகவே 255.255.255.192. அளவு இரட்டிப்பாகும்போது சாய்கோட்டுக்குப் பின்னால் இருக்கிற எண் ஒன்று குறையும். இந்த இரண்டும் தெரிந்தால் ஏணி முழுவதையும் ஒரு கடதாசியில் நீங்களே எழுதிவிடலாம்.

செய்யவேண்டியது இவ்வளவுதான்: மூன்றாம் படியில் வந்த எண்ணை எடுத்து, கடைசி நிரலில் அதற்குச் சமமான அல்லது அதைவிடப் பெரிய முதல் எண்ணைப் பிடியுங்கள். முதல் நிரலில் உள்ள 32, 64 என்கிற மொத்த அளவுகளோடு ஒப்பிடாதீர்கள், மேலே பார்த்த 32 பிழை அங்கிருந்துதான் வருகிறது.

நம் கந்தோருக்கு அப்படிப் பார்த்தால், கணினி 112, வளர்ச்சியோடு 140, கேட்வேயோடு 143, ஆகவே /24. வளர்ச்சி பார்க்காமல் விட்டிருந்தால் 115 என்று /25இல் போய் விழுந்திருக்கும், கரண்ட் போய்வந்த முதல் காலையிலேயே அதன் பலனைப் பார்த்திருப்போம். 254 இருந்தால் ஃபோன்கள் தற்காலிகமாக வந்து போனாலும் தாங்கும். விருந்தினர் 150, வளர்ச்சியோடு 188, கேட்வேயோடு 191, /24. ஃபோன் 84 என்பது 105 ஆகி 108, /25. கமரா விலான் 43 என்பது 54 ஆகி 57, /26. மேலாண்மை /26, பிரிண்டர் /27. சர்வர் 6 என்பது 8 ஆகி 11, /28. ஃபயர்வால் இணைப்பில் கோர் பக்கம் மூன்று, ஃபயர்வால் ஒன்று, ஆக நான்கு. /30இல் பாவிக்கக்கூடியது இரண்டே இரண்டு, எனவே /29.

மொத்தம் கூட்டிப் பாருங்கள்: 256, 256, 128, 64, 64, 32, 16, 8. ஆக 824. கையிலிருப்பது 1024. இங்கே பாவிக்கக்கூடிய எண்ணைக் கூட்டக்கூடாது, முழு அளவைக் கூட்டவேண்டும். நெட்வொர்க் முகவரியும் ப்ராட்காஸ்டும் யாருக்கும் பயன்படாவிட்டாலும் இடத்தைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கும்.

5. பெரியதில் தொடங்கி அடுக்குங்கள்

ஒரு சப்நெட் நினைத்த இடத்தில் தொடங்கமுடியாது. அதன் அளவு 64 என்றால் அது 0, 64, 128, 192 ஆகியவற்றில் ஒன்றில்தான் தொடங்கும். 128 என்றால் 0 அல்லது 128 மட்டும். காரணம், சாதனங்கள் முகவரியையும் மாஸ்க்கையும் பிட் பிட்டாக ஒப்பிட்டே "இது என் நெட்வொர்க்" என்று தீர்மானிக்கின்றன. நீங்கள் மனதில் எங்கே கோடு போட்டீர்கள் என்பது அவற்றுக்குத் தெரியாது.

விலான் எண்ணின் வரிசையிலோ பட்டியலில் வந்த வரிசையிலோ அடுக்கினால் இந்த விதி உடைந்துவிடும். உதாரணமாக, 10.40.18.0இல் பிரிண்டருக்கு /27 கொடுத்துவிட்டீர்கள், அது 31 வரை. அடுத்தது ஃபோன், சரி 32இலிருந்து /25 போடலாம் என்று 10.40.18.33 ஐ 255.255.255.128 மாஸ்க்கோடு கேட்வேயாகக் கொடுக்கிறீர்கள். அந்த மாஸ்க்கில் 33 என்பது 0–127 தொகுதிக்குள் இருப்பது, ஆகவே சுவிட்ச் அதை 10.40.18.0/25 என்றே எடுத்துக்கொள்ளும், பிரிண்டர் முழுவதும் அதற்குள் வந்துவிடும். சிஸ்கோ சுவிட்ச் என்றால் அந்த இடத்திலேயே மறுத்துவிடும்:

```
% 10.40.18.0 overlaps with Vlan50
```

பெரியதை முதலில் வைத்து இறங்கிக்கொண்டே போனால் இந்தச் சிக்கல் வரவே வராது. பெரிய தொகுதி முடிகிற இடம் எப்போதும் அதைவிடச் சிறிய தொகுதி தொடங்கக்கூடிய இடமாகவே இருக்கும். அப்படி அடுக்கினால் நமக்குக் கிடைப்பது:

```
விலான் 10  கணினி       10.40.16.0/24
விலான் 40  விருந்தினர்    10.40.17.0/24
விலான் 20  ஃபோன்       10.40.18.0/25
விலான் 30  கமரா        10.40.18.128/26
விலான் 99  மேலாண்மை   10.40.18.192/26
விலான் 50  பிரிண்டர்     10.40.19.0/27
விலான் 60  சர்வர்       10.40.19.32/28
விலான் 70  ஃபயர்வால்    10.40.19.48/29
```

10.40.19.56இலிருந்து கடைசிவரை 200 முகவரி மிஞ்சுகிறது. இந்தப் பட்டியலோடு பலர் சுவிட்சுக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிடுவார்கள். இன்னும் ஒரு படி இருக்கிறது.

6. யார் வளரப்போகிறார் என்று பார்த்து நகர்த்துங்கள்

ஒரு சப்நெட்டை இரட்டிப்பாக்கவேண்டுமானால், அதோடு சேர்ந்து இரட்டை அளவுத் தொகுதியாகிற அதன் ஜோடித் தொகுதி காலியாக இருக்கவேண்டும். 10.40.18.128/26இன் ஜோடி 10.40.18.192/26. மேலே போட்ட அடுக்கில் அங்கே மேலாண்மை விலான் குந்தியிருக்கிறது. ஆகவே கமரா கூடினால் ஒன்று கமரா எல்லாவற்றையும் வேறு வீச்சுக்கு மாற்றவேண்டும், அல்லது சுவிட்சும் அக்சஸ் பாயிண்டும் மாறவேண்டும். இரண்டுமே ஒரு வாரஇறுதியை விழுங்கும் வேலை.

ஒரு கந்தோரில் எது வளரும்? மேலாண்மை மெதுவாக வளரும். பிரிண்டர் பெரும்பாலும் குறையும். கமராதான் கேட்காமல் கூடுகிற ஆள்: வாகனத் தரிப்பிடத்துக்கு நான்கு, படிக்கட்டுக்கு இரண்டு, காப்புறுதிக்காரர் வந்து பார்த்தபிறகு இன்னும் ஆறு. அதோடு கமராவுக்கு முகவரி பெரும்பாலும் கையால் போடப்பட்டிருக்கும், மாற்றுவதென்றால் ஒவ்வொன்றாக உள்ளே போகவேண்டும்.

எனவே கமராவை 10.40.19.128/26க்குக் கொண்டுபோகிறேன். அதன் ஜோடி 10.40.19.192/26 காலி. நாளைக்குக் கமராவும் என்விஆரும் சேர்ந்து 59ஐத் தாண்டினால் மாஸ்க்கை 255.255.255.192இலிருந்து 255.255.255.128க்கு மாற்றினால் போதும், கேட்வே முகவரியும் ஏற்கெனவே இருக்கிற கமரா முகவரிகளும் அப்படியே இருக்கும். (59 எங்கிருந்து வந்தது என்றால், 62இல் கேட்வே மூன்று போக மிச்சம்.) மாற்றுகிற அன்று பழைய கமராக்களிலும் மாஸ்க்கை மாற்ற மறந்துவிடாதீர்கள்.

காலியான 10.40.18.128/26 மேலாண்மை விலானின் ஜோடியாகவே கிடக்கிறது, அதை அப்படியே விட்டுவைக்கிறேன். விருந்தினர் விலான் பற்றிக் கேட்பீர்கள். அது 10.40.17.0/24, /23 ஆகவேண்டுமென்றால் ஜோடி 10.40.16.0/24. மூன்றாவது எண் இரட்டை எண்ணில் தொடங்கவேண்டும் என்பதால் 17ஐயும் 18ஐயும் ஒருபோதும் சேர்க்கமுடியாது. அங்கே இப்போது கணினிகள். குத்தகைக் காலம் குறுகியதாக இருப்பதால் அதை நான் ஏற்றுக்கொள்கிறேன். எல்லா விலானுக்கும் வளர இடம் வைக்கமுடியாது, எதற்கு வைக்கிறோம் என்பதைத் தெரிந்து வைக்கவேண்டும்.

7. சுவிட்சில் போடுமுன் சரிபாருங்கள்

கையால் போட்ட கணக்கை ஒரு கருவியிடம் காட்டுவது நல்லது. பைதன் இருந்தால் இந்தச் சிறு துண்டு போதும்:

```python
import ipaddress as ip
from itertools import combinations
v = ["10.40.16.0/24", "10.40.17.0/24", "10.40.18.0/25",
     "10.40.19.128/26", "10.40.18.192/26", "10.40.19.0/27",
     "10.40.19.32/28", "10.40.19.48/29"]
n = [ip.ip_network(x) for x in v]
for a in n:
    print(a, a.netmask, a.num_addresses - 2)
for a, b in combinations(n, 2):
    if a.overlaps(b):
        print("overlap", a, b)
```

தொடக்க முகவரி தப்பான இடத்தில் இருந்தால் `has host bits set` என்று நின்றுவிடும். 10.40.18.32/25 என்று கொடுத்துப் பாருங்கள், ஐந்தாம் படியில் சொன்னது கண்முன்னே தெரியும். ஒன்றன்மேல் ஒன்று விழுந்திருந்தால் கடைசி வரி சொல்லும். உங்கள் /22க்கு வெளியே ஏதாவது போயிருக்கிறதா என்பதை மட்டும் கண்ணால் பாருங்கள்: மூன்றாவது எண் 16க்கும் 19க்கும் இடையில் இருக்கவேண்டும்.

பிறகு ஒவ்வொரு விலானுக்கும் நான்கு முகவரியைக் கையால் எழுதிவையுங்கள். கமராவுக்கு: நெட்வொர்க் 10.40.19.128, முதல் ஹோஸ்ட் 129, கடைசி ஹோஸ்ட் 190, ப்ராட்காஸ்ட் 191. இதை ஏன் எழுதவேண்டும் என்றால், கேட்வே எப்போதும் .1 என்கிற பழக்கம் விரலில் ஊறியிருக்கும். இந்த விலானில் .1 கிடையாது, அது பிரிண்டர் விலானின் முகவரி. நெட்வொர்க் முகவரியையே இன்டர்ஃபேஸுக்குக் கொடுத்தால் சிஸ்கோ `Bad mask /26 for address 10.40.19.128` என்று சொல்லும். அதைப் பார்த்து மாஸ்க்கைக் கூட்டிக் குறைத்து விளையாடாதீர்கள், மாஸ்க் சரி, முகவரிதான் பிழை.

முதல் கோர் சுவிட்சில் கமரா விலான் இப்படி வரும்:

```
interface Vlan30
 ip address 10.40.19.130 255.255.255.192
 standby 30 ip 10.40.19.129
```

இரண்டாவதில் 131, பொது முகவரி அதே 129. கமராவுக்குக் கேட்வேயாகக் கொடுப்பது 129ஐத்தான். 130ஐக் கொடுத்தாலும் எல்லாம் ஓடும், முதல் சுவிட்ச் விழும் நாள் வரைக்கும்.

8. போட்டபிறகு: மாஸ்க் பிழையை எப்படிக் கண்டுபிடிப்பது

நீங்கள் சுவிட்சில் சரியாகப் போட்டாலும், கமரா பொருத்த வருகிறவர் பழக்கத்தில் 255.255.255.0 போட்டுவிட்டுப் போவார். இது நடக்கும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். சங்கடம் என்னவென்றால் அப்படிப் போட்டாலும் கமரா வேலை செய்யும்.

10.40.19.140 என்கிற கமராவை எடுங்கள். என்விஆர் அதே விலானில், பதிவு ஓடுகிறது. ஊழியர் கணினி 10.40.16 வீச்சில், அது வெளி நெட்வொர்க் என்று கமராவுக்குத் தெரியும், கேட்வே வழியாகப் பதில் அனுப்பும், படம் வருகிறது. எல்லோருக்கும் திருப்தி. ஆனால் நேரம் கொடுக்கிற சர்வர் 10.40.19.36இல் இருக்கிறது. /24 மாஸ்க்கில் பார்த்தால் அது கமராவின் சொந்த நெட்வொர்க்குக்குள் இருப்பதுபோல் தெரியும். கமரா கேட்வேக்கு அனுப்பாமல், தன் விலானுக்குள்ளேயே "36 யார்?" என்று ஏஆர்பியில் கேட்டுக்கொண்டிருக்கும், பதில் சொல்ல அங்கே யாரும் இல்லை. மாதக்கணக்கில் கடிகாரம் கொஞ்சம் கொஞ்சமாக விலகும். ஏதாவது களவு நடந்து பதிவைத் தேடுகிற அன்றுதான் நேரம் பிழை என்பது தெரியவரும்.

அடையாளம் இதுதான்: ஒரு சாதனம் தூரத்தில் இருக்கிற விலான்களோடு பேசுகிறது, தன் முகவரிக்குப் பக்கத்து எண்ணுள்ள விலானோடு மட்டும் பேசுவதில்லை. இப்படிப் பார்த்தால் ரவுட்டிங்கையும் ஃபயர்வாலையும் நோண்டுமுன் அந்தச் சாதனத்தின் மாஸ்க்கைப் பாருங்கள். நேர் எதிர்ப் பிழையும் உண்டு. மாஸ்க் தேவையைவிடச் சிறிய நெட்வொர்க்கைக் காட்டினால், கேட்வே சாதனத்தின் நெட்வொர்க்குக்கு வெளியே போய்விடலாம், அப்போது விலானைத் தாண்டி எங்குமே போகாது. அது உடனே தெரிந்துவிடும் என்பதால் ஆபத்துக் குறைவு.

மாஸ்க் தேவையைவிடப் பெரிய நெட்வொர்க்கைக் காட்டுகிற பிழையை இன்னும் ஆழமாக மறைப்பது ப்ராக்ஸி ஏஆர்பி. சிஸ்கோ ஐஓஎஸ்ஸில் இது இயல்பாகவே இயங்கிக்கொண்டிருக்கும். கமரா "36 யார்?" என்று கேட்டால், அங்கே போகிற வழி தெரிந்த சுவிட்ச் தன் மேக் முகவரியைக் கொடுத்து "நான்தான்" என்று பதில் சொல்லிவிடும், பக்கெட்டும் போய்ச் சேர்ந்துவிடும். எல்லாம் சரியாக ஓடுவதுபோல் இருக்கும். பிறகு ஒருநாள் கோர் சுவிட்சை வேறு வகைக்கு மாற்றுவீர்கள், அல்லது பாதுகாப்புப் பரிசோதனையில் சொன்னார்கள் என்று ப்ராக்ஸி ஏஆர்பியை நிறுத்துவீர்கள், அன்றிலிருந்து பத்துப் பதினைந்து கமராவுக்கு நேர சர்வர் ஒன்றாக எட்டாமல் போகும். பழி புதுச் சுவிட்சின்மேல் விழும்.

`show ip interface vlan 30` என்று பார்த்தால் `Proxy ARP is enabled` என்ற வரி இருக்கும். புதிதாக அமைக்கிற விலானில் முதல் நாளே இன்டர்ஃபேஸுக்குள் `no ip proxy-arp` போட்டுவிடுங்கள். அப்போது மாஸ்க் பிழை பொருத்துகிற அன்றே வெளியே வரும், பொருத்தியவரும் அங்கேயே நிற்பார். ஏற்கெனவே ஓடுகிற விலானில் இதைச் செய்வதென்றால் முதலில் எல்லாச் சாதனத்தின் மாஸ்க்கையும் பார்த்துத் திருத்தியபிறகே செய்யவேண்டும். விண்டோஸ் கணினியில் சந்தேகம் இருந்தால் `arp -a` அடித்துப் பாருங்கள். உங்கள் சப்நெட்டுக்கு வெளியே இருக்கவேண்டிய பல முகவரிகள் ஒரே மேக்கோடு பட்டியலில் நின்றால், அந்தக் கணினியின் மாஸ்க் காட்டுகிற நெட்வொர்க் தேவையைவிடப் பெரிது, சுவிட்ச் அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

கமரா பொருத்துகிறவரிடம் முகவரியை மட்டும் எழுதிக் கொடுக்காதீர்கள். முகவரி, மாஸ்க், கேட்வே, நேர சர்வர் நான்கையும் ஒரே தாளில் கொடுங்கள், மாஸ்க்கை 255.255.255.192 என்று முழுதாக எழுதுங்கள். கமராவின் அமைப்புப் பக்கத்தில் பெரும்பாலும் அந்த வடிவத்தில்தான் கேட்கும், /26 என்று எழுதினால் அவர் தனக்குத் தெரிந்ததைப் போட்டுவிட்டுப் போவார். அவர் கிளம்புமுன், பொருத்திய ஒவ்வொரு கமராவின் பக்கத்தையும் திறந்து நேரம் சரியாக வந்திருக்கிறதா என்று பாருங்கள். சர்வர் பக்கத்து எண்ணில் இருப்பதால், ப்ராக்ஸி ஏஆர்பியை நிறுத்திய விலானில் அந்தச் சர்வரிலிருந்து நேரம் வந்திருந்தால், மாஸ்க் 255.255.255.0 இல்லை என்பது உறுதி.